முட்டைக் கறைக்குச் சுடுதண்ணீர் வேண்டாம்

வெள்ளவத்தையில் வாங்கிய முட்டை அப்பத்தின் மஞ்சள்கரு மகனின் வெள்ளைப் பள்ளிச் சட்டையில் ஒழுகிவிட்டது. அவசரத்தில் சுடுதண்ணீர் ஊற்றினேன். கறை துணியிலேயே அவிந்துபோனது! முட்டையின் புரதம் 60 பாகை செல்சியசைத் தாண்டினால் இறுகத் தொடங்கும். நூலிழைக்குள் இறுகியதைப் பிறகு கிளப்புவது கஷ்டம். பால் கறையும் சூட்டில் இப்படித்தான் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்த முறை, கரண்டி விளிம்பால் சுரண்டிவிட்டு, துணியின் உட்பக்கத்திலிருந்து பைப் தண்ணீரை ஓடவிட்டேன். (மத்தியானத்தில் மொட்டைமாடித் தாங்கியிலிருந்து வெதுவெதுப்பாக வரும், கவனம்.) அப்புறம் பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் சலவைத்தூளோடு ஊறவைத்தேன். மஞ்சள்கருவில் கொழுப்பும் இருப்பதால் வெறும் தண்ணீர் போதாது. தடவிப் பார்த்தால் விறைப்பு இருக்கக்கூடாது; இருந்தால் மறுபடி ஊறவையுங்கள், அதுவரை அயன் பண்ணாதீர்கள்.