வீட்டுக் காப்பீட்டுத் தொகையை ஆண்டுதோறும் உயர்த்துவது எப்படி?

வீட்டைக் காப்பீடு செய்பவர்கள் பெரும்பாலும் வாங்கிய விலையையோ வங்கிக் கடன் தொகையையோ எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டும் தவறு. நிலம் எரிவதில்லை; வீடு இடிந்தால் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்பதுதான் கணக்கு.

முதலில் அந்தத் தொகையைக் கண்டுபிடியுங்கள். இந்தியாவில் 2021 ஏப்ரல் முதல் உள்ள 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் கார்ப்பெட் ஏரியாவை, அதாவது சுவர்களுக்கு உட்பட்ட தரைப்பரப்பை, சதுர அடிக் கட்டுமானச் செலவால் பெருக்குவார்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. மேஸ்திரி விலை சொல்வது சுவரையும் சேர்த்த மொத்தப் பரப்புக்கு. மொத்தம் 1,200 சதுர அடி, கார்ப்பெட் ஏரியா 1,000, விலை ரூ.2,400 என்று வைத்துக்கொள்வோம். கட்ட ஆகும் செலவு ரூ.28.8 லட்சம். 1,000-ஐ 2,400-ஆல் பெருக்கினால் ரூ.24 லட்சம்தான் வரும். ஆகவே 28.8 லட்சத்தை 1,000-ஆல் வகுத்து, ரூ.2,880 என்று விலையைக் குறிப்பிடுங்கள்.

அடுத்து, தானாக உயரும் பகுதி. பிரிட்டனில் இது குறியீட்டோடு இணைந்தது: வீடு திரும்பக் கட்டும் செலவுக் குறியீடு எவ்வளவு ஏறுகிறதோ, காப்பீட்டுத் தொகையும் அவ்வளவு ஏறும், பிரீமியம் புதுப்பிக்கும்போது கூடும். நம் பாலிசியில் குறியீடு கிடையாது, ஆண்டுக்கு நிலையான 10 சதவீதம். ஓராண்டு பாலிசியில் அது நாள்கணக்கில் சேரும். ஆறு மாதத்தில் நம் வீட்டுக்குச் சுமார் ரூ.1.44 லட்சம் கூடியிருக்கும், கூடுதல் பிரீமியம் இல்லாமல்.

இதை நம்பி உறங்கிவிடக் கூடாது. புதுப்பிப்பு நோட்டீஸில் பழைய 28.8 லட்சமே அச்சாகி வரலாம். அப்படியே பணம் கட்டினால் அடுத்த ஆண்டும் அங்கிருந்துதான் தொடங்குவீர்கள். எனவே புதுப்பிக்கும் முன் மேஸ்திரியிடம் இன்றைய விலை கேளுங்கள். ரூ.2,600 என்றால் தொகை ரூ.31.2 லட்சம். அதை எழுதிக் கொடுத்துப் புதுப்பியுங்கள்.

குறியீடோ 10 சதவீதமோ சிமெண்ட், கம்பி, கூலி ஏறுவதை ஈடுகட்டத்தான். மாடியில் நீங்கள் 400 சதுர அடி எழுப்பியது அதற்குத் தெரியாது. அந்த ரூ.10.4 லட்சத்தைச் சேர்த்தால்தான் ரூ.41.6 லட்சம் ஆகும். பாரத் கிருஹ ரக்ஷாவில், தொகை குறைவு என்று சிறு சேதத்துக்கான இழப்பீட்டை விகிதப்படி வெட்டமாட்டார்கள்; ஆனால் வீடு முழுவதும் போனால் பாலிசியில் உள்ள தொகைக்கு மேல் வராது. மற்ற பாலிசிகளில் சிறு சேதத்துக்கும் வெட்டு விழலாம்.

ஆண்டின் நடுவில் மாடி கட்டினால் புதுப்பிப்பு வரை காத்திருக்க வேண்டாம். பரப்பையும் மதிப்பீட்டையும் எழுதிக் கொடுத்து, வித்தியாசப் பிரீமியம் கட்டி, திருத்தப் பத்திரம் வாங்குங்கள். வந்ததும் அதில் புதிய பரப்பும் தொகையும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள்.