அரசு வேலையை விரும்பும் பெற்றோரிடம் வேறு தொழிலைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசு வேலைக்குப் போகச் சொல்லும் பெற்றோரிடம், "நான் தேர்ந்தெடுக்கும் தொழிலில் அதைவிட இரண்டு மடங்கு சம்பாதிக்கலாம்" என்று பேச்சைத் தொடங்குவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் முதல் தவறு. கால் காசானாலும் கவர்ன்மென்ட் காசு என்று சொல்லும் பெற்றோர் காசின் அளவைப் பற்றிப் பேசவில்லை என்பது அந்தச் சொல்லிலேயே தெரிகிறது. அவர்கள் அரசு வேலை என்று சொல்லும்போது, மாதம் தவறாமல் வரும் சம்பளம், உடம்பு முடியாமல் போனால் எடுக்கக்கூடிய விடுப்பு, மருத்துவச் செலவுக்கு ஓர் ஏற்பாடு, கடன் கேட்டால் மறுக்காத வங்கி, முதுமைக்கு ஒரு வருமானம், எளிதில் யாரும் வெளியே அனுப்பிவிட முடியாத நிலை ஆகிய அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்துச் சொல்கிறார்கள். நீங்கள் இரண்டு மடங்கு வருமானத்தைக் காட்டினால், அந்த மூட்டையில் இருக்கும் ஒரே ஒரு பொருளுக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறீர்கள். மற்றவை எல்லாம் கேள்விகளாகவே நிற்கின்றன.

ஆகவே பேசுவதற்கு முன் அந்த மூட்டையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதைப் பெற்றோரைக் கொண்டே பிரிக்கச் செய்வது இன்னும் நல்லது. "நான் இந்தத் தொழிலுக்குப் போனால் உங்களுக்கு எது மிகவும் கவலையாக இருக்கும், அப்பா?" என்று கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள். ஒரு தந்தைக்கு, தாம் ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக் கடனின் தவணையை யார் கட்டுவது என்பது கவலையாக இருக்கும். ஒரு தாய்க்கு, தமக்கு நடந்ததைப் போல ஒரே மருத்துவச் செலவில் சேமிப்பு முழுதும் கரைந்து போய்விடுமோ என்ற அச்சம் இருக்கும். கடன் தவணையைப் பற்றிய கவலைக்கு உங்கள் திறமையைப் பற்றிய விளக்கம் பதிலாகாது. தவணையில் உங்கள் பங்கை எந்தப் பணத்திலிருந்து, எத்தனை மாதம் கட்ட முடியும் என்பதுதான் பதில். மருத்துவச் செலவைப் பற்றிய அச்சத்துக்கு, வேலையை விடும் முன்பே எடுத்த தனி மருத்துவக் காப்பீடு பதிலாகலாம். சில கவலைகளுக்கு உங்களிடம் பதில் இருக்காது. அவற்றுக்குப் பதில் இல்லை என்று ஒப்புக்கொள்வது, மற்ற பதில்களின் மீது அவர்களுக்கு நம்பிக்கையைத் தரும்.

இரண்டாவது தவறு, நான் பார்த்தவரையில் மிகவும் ஆழமானது. இதைப் பெற்றோர், பிள்ளைகள் இருவருமே செய்கிறார்கள். ஒரு பக்கம் கையில் கிடைத்துவிட்ட அரசு வேலையையும், மறுபக்கம் இன்னும் தொடங்காத தொழிலையும் வைத்து ஒப்பிடுகிறார்கள். உண்மையில் பல வீடுகளில் எதிரெதிரே நிற்பவை அவை அல்ல. ஒரு பக்கம் இருப்பது அரசு வேலைக்கான தேர்வை எழுதும் முயற்சி. மறுபக்கம் இருப்பது தொழிலைத் தொடங்கும் முயற்சி. கிடைத்த பிறகு அரசு வேலை உறுதியானதுதான். ஆனால் கிடைப்பது உறுதியல்ல.

உறுதி என்ற எண்ணம் மனத்தை எவ்வளவு இழுக்கும் என்பதை டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டுகிறது. 4000 கிடைக்க 80 விழுக்காடு வாய்ப்பு, அல்லது உறுதியாக 3000 என்று இரண்டையும் முன்வைத்தபோது, பத்தில் எட்டுப் பேர் உறுதியான 3000-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். வாய்ப்புகளை அப்படியே நான்கில் ஒரு பங்காகக் குறைத்து, 4000 கிடைக்க 20 விழுக்காடு, 3000 கிடைக்க 25 விழுக்காடு என்று மாற்றிக் கேட்டபோது, பெரும்பான்மையோர் 4000 பக்கம் சாய்ந்தார்கள். இரண்டு கேள்விகளிலும் வாய்ப்புகளுக்கு இடையிலான விகிதம் ஒன்றுதான். மாறியது, உறுதி என்ற நிலை இல்லாமல் போனது மட்டுமே. நம் வீட்டுப் பேச்சும் முதல் கேள்வியின் வடிவில் நடக்கிறது. ஆனால் பலருடைய வாழ்க்கை இரண்டாவது கேள்வியின் வடிவில் இருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டு, "உங்கள் அரசு வேலையும் நிச்சயமில்லை" என்று பெற்றோரிடம் வெற்றி முழக்கமாகச் சொன்னால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். அதற்குப் பதிலாக, கடைசியாக வந்த அறிவிப்பை எடுத்து, எத்தனை பணியிடங்கள், எத்தனை பேர் எழுதினார்கள், விண்ணப்பத்திலிருந்து பணி நியமனம் வரை எத்தனை மாதங்கள் ஆயின என்பவற்றை அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். கூடவே, உங்கள் தொழிலில் நுழைந்து தாக்குப்பிடிக்காமல் வெளியேறியவர்களைப் பற்றித் தெரிந்ததையும் அதே நேர்மையோடு வைக்க வேண்டும். பணி நியமன ஆணையே உங்கள் கையில் இருக்கிறது என்றால் இந்த வாதத்துக்கு இடமே இல்லை. அப்போது நீங்கள் கைவிடுவது உண்மையாகவே உறுதியான ஒன்றை. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

புகழ்பெற்றவர்களைச் சான்று காட்டுவது அடுத்த தவறு. படிப்பை விட்டுவிட்டுச் சாதித்த ஒருவரை நீங்கள் சொன்னால், தொழில் தொடங்கிக் கடனில் மூழ்கிய உறவினர் ஒருவரை அவர்கள் சொல்வார்கள். இரண்டு கதைகளாலும் எதுவும் நிறுவப்படுவதில்லை. அதே தொழிலில் ஐந்தாறு ஆண்டுகளாக நடுத்தரமாகச் சம்பாதித்து வாழும் ஒருவரைப் பெற்றோருக்கு அறிமுகப்படுத்தி, வேலை இல்லாத மாதங்களை எப்படிச் சமாளிக்கிறார் என்று அவர் வாயாலேயே கேட்கச் செய்வது அதைவிடப் பயன் தரும்.

இப்போது திட்டமில்லாமல் கால அவகாசம் கேட்கும் தவறுக்கு வருவோம். "எனக்கு இரண்டு வருடம் கொடுங்கள்" என்று சொல்பவர்களில் பலர், ஏன் இரண்டு என்பதற்குக் காரணம் வைத்திருப்பதில்லை. அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம்.

25 வயதுப் பெண் ஒருவர் அலுவலக வேலையில் இருந்துகொண்டே, மாலை வேளைகளில் வீடியோ எடிட்டிங் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலையை விட்டு முழுநேரமும் அதையே செய்ய விரும்புகிறார். அவரிடம் தம் 8 மாதச் செலவுக்கு ஈடான சேமிப்பு இருக்கிறது. கடந்த 12 மாதங்களில் எடிட்டிங்கில் வந்த மொத்த வருமானம் 9 மாதச் செலவுக்குச் சமம். ஆனால் அந்த 12 மாதங்களில் 4 மாதம் ஒன்றுமே வரவில்லை. சேமிப்பில் 2 மாதத் தொகையைக் கணினி பழுதாவது, நோய் வருவது போன்றவற்றுக்கென்று தொடாமல் ஒதுக்கிவிட்டால், மீதி 6 மாதத் தொகை. வருமானம் இப்போதைய அளவிலேயே நின்றாலும் ஆண்டுக்குத் துண்டு விழுவது 3 மாதச் செலவு என்பதால், அந்த 6 மாதத் தொகை இரண்டு ஆண்டுகள் தாங்கும். வருமானம் பாதியாகிவிட்டால் ஆண்டுக்குத் துண்டு ஏழரை மாதச் செலவாகி, அந்த 6 மாதத் தொகை ஏறத்தாழ ஒன்பதரை மாதத்தில் தீர்ந்துவிடும். இந்த இரண்டு கணக்குகளையும் அவர் பெற்றோரிடம் காட்ட வேண்டும். நல்ல கணக்கை மட்டும் காட்டினால், கெட்ட கணக்கை அவர்கள் மனத்தில் இன்னும் மோசமாகப் போட்டுக்கொள்வார்கள்.

எந்தக் கணக்கின்படி வாழ்க்கை போகிறது என்பது ஆறாவது மாதத்தில் தெரிந்துவிடும். நல்ல கணக்கில் அதற்குள் ஒன்றரை மாதத் தொகைதான் கரைந்திருக்கும். மோசமான கணக்கில் ஏறத்தாழ நான்கு மாதத் தொகை கரைந்திருக்கும். ஆகவே, மூன்று மாதத் தொகைக்கு மேல் கரைந்திருந்தால் மீண்டும் ஒரு வேலையில் சேர்வேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வேலை வராத மாதங்கள் எல்லாம் அந்த ஆறு மாதத்துக்குள்ளேயே விழுந்துவிடலாம் என்பதால், சென்ற ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

திரும்பி வரும் வழிக்கும் தேதி உண்டு. அவர் எழுத நினைக்கும் தேர்வுக்கு வயது வரம்பு 30 என்றும், அறிவிப்பு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை வருகிறது என்றும், தயாராக ஓர் ஆண்டு பிடிக்கும் என்றும் கொள்வோம். 27 வயதில் படிக்கத் தொடங்கினால் 28-இல் தயாராகிவிடுவார். அப்போதுதான் ஓர் அறிவிப்பு கடந்து போயிருந்தாலும், அடுத்தது 30 நிறைவதற்குள் வந்துவிடும். 28-இல் தொடங்கினால் ஒரே அறிவிப்பு தவறினாலும் கதவு மூடிவிடக்கூடும். இப்போது இரண்டு ஆண்டு என்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. வயது வரம்பும் தளர்வுகளும் நாட்டுக்கு நாடு, தேர்வுக்குத் தேர்வு மாறும். வயதைத் தேர்வு நாளில் அல்லாமல், அறிவிப்பில் குறிப்பிட்ட ஒரு நாளில் கணக்கிடுவதும் வழக்கம். அறிவிப்பை வரி விடாமல் படித்த பிறகே இந்தத் தேதியைப் பெற்றோரிடம் சொல்ல வேண்டும்.

வீட்டில் அமைதி வேண்டும் என்பதற்காக, "தொழிலையும் செய்கிறேன், தேர்வுக்கும் படிக்கிறேன்" என்று சொல்லிவிடுவதும் தவறுதான். போட்டித் தேர்வு நாள்தோறும் பல மணி நேரத்தைக் கேட்பது. புதிய தொழிலும் அப்படியே. இரண்டிலும் பாதி உழைப்பைப் போட்டு, தேர்வில் தோற்றால் தொழிலின் மீது பழி விழும். தொழிலில் தோற்றால் உங்கள் சொல்லின் மீதே நம்பிக்கை போய்விடும். இரண்டையும் உண்மையாகவே செய்ய முடியும் என்றால் எந்த நேரம் எதற்கு என்று சொல்லுங்கள். முடியாது என்றால், இந்த இரண்டு ஆண்டு படிக்கப் போவதில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள். கசப்பு இன்றோடு போகும்.

சம்மதத்தையும் பணத்தையும் ஒரே மூச்சில் கேட்கக் கூடாது. ஓய்வுக்காலச் சேமிப்பையோ வீட்டுப் பத்திரத்தையோ தொழிலுக்காகக் கேட்கும்போது, உங்கள் ஆபத்து அவர்களுடைய ஆபத்தாகவும் மாறிவிடுகிறது. அப்போது அவர்கள் சொல்லும் "வேண்டாம்" என்பது தொழிலுக்கா பணத்துக்கா என்று யாருக்கும் தெரியாது. வேலையை விட்டுவிட்டு வந்து செய்தியைச் சொல்வதும் இதே வகைதான். எதையும் மாற்ற முடியாத நிலையில் கருத்துக் கேட்டால், அவர்களுக்குக் கோபத்தைத் தவிர வேறு வழி இருக்காது.

மௌனம் சம்மதம் என்பதை இங்கே நம்பிவிடக் கூடாது. "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகும் தந்தை பெரும்பாலும் சம்மதம் சொல்லவில்லை, பேச்சை நிறுத்தியிருக்கிறார். அன்று விட்டுவிட்டு, சில நாள் கழித்து, எழுதி வைத்த கணக்கோடு திரும்பிச் சென்று, "இதில் எந்த இடம் உங்களுக்குச் சரியாகப் படவில்லை, அப்பா?" என்று கேட்கலாம். சேமிப்புப் போதாது என்றோ, ஆறு மாதத்துக்குப் பதில் நான்கு மாதத்தில் பார்க்கலாம் என்றோ அவர் ஒரு திருத்தம் சொன்னால், அதை அவர் எதிரிலேயே கணக்கில் எழுதிக்கொண்டு, அடுத்து எப்போது உட்கார்ந்து பார்ப்பது என்பதற்கு ஒரு தேதியும் குறித்துக்கொள்ளுங்கள்.