மாதவிடாய்க்கு நடுவே ரத்தம்: ஸ்கேனில் கட்டி தெரிந்தால் காரணம் அதுதானா?

36 வயது, இரண்டு பிள்ளைகள், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டது. மாதவிடாய் 28 நாளுக்கு ஒருமுறை சரியாக வருகிறது. ஆனால் நான்கு மாதமாக நடுவிலும் திட்டுத் திட்டாக ரத்தம் படுகிறது. இப்படி ஒருவர் என்னிடம் வந்தபோது கையில் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தது: கர்ப்பப்பைச் சுவருக்குள் 2.5 செ.மீ. நார்த்திசுக்கட்டி. "கட்டியாலதான் டாக்டர், ஆபரேஷன் பண்ணிடலாமா?" என்றார். அதற்குள் மருந்துக்கடையில் கேட்டு நோரெத்திஸ்டெரோன் 5 மி.கி. மாத்திரையும் போட்டுப் பார்த்திருந்தார். போடும்வரை ரத்தம் நின்றது. விட்ட மூன்றாம் நாள் முன்பைவிட அதிகமாகக் கொட்டியது.

மாத்திரையில் இருந்து தொடங்குவோம். அது கர்ப்பப்பையின் உள்சவ்வை உதிராமல் பிடித்து வைக்கும். விட்டதும் சவ்வு மொத்தமாக உதிரும். அப்படிக் கொட்டுவது மாத்திரையை நிறுத்தியதன் விளைவு, நோய் முற்றியதன் அடையாளம் அல்ல. கோயில் திருவிழா, கல்யாணம் என்று தேதியைத் தள்ளிப்போட இதையே போடுபவர்களுக்கும், அவசரக் கருத்தடை மாத்திரை போட்டவர்களுக்கும், தினசரி கருத்தடை மாத்திரையில் இரண்டொரு நாள் விட்டவர்களுக்கும் நடுவில் ரத்தம் படலாம். டாக்டரிடம் போகும்போது கடந்த மூன்று மாதத்தில் போட்ட மாத்திரைகளைச் சொல்லிவிடுங்கள். பலர் மறைப்பதில்லை, மறந்துவிடுகிறார்கள்.

மாத்திரைக்கு முன்னால் செய்ய வேண்டியது சிறுநீர் கர்ப்பப் பரிசோதனை. "ஆபரேஷன் ஆச்சே, எதுக்கு?" என்று இவரும் கேட்டார். அந்த ஆபரேஷனுக்குப் பிறகு கரு தங்குவது அபூர்வம்தான். ஆனால் தங்கினால் அது கருக்குழாயில் தங்க வாய்ப்பு அதிகம். நடுவே ரத்தம், ஒருபக்க அடிவயிற்று வலி, மயக்கம் மூன்றும் சேர்ந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இவருக்குக் கோடு ஒன்றுதான் வந்தது, கர்ப்பம் இல்லை.

அடுத்து காலண்டர். மாதவிடாய் தொடங்கும் நாளுக்கு ஒரு வட்டம், நடுவே ரத்தம் படும் நாளுக்கு ஒரு புள்ளி என்று இரண்டு மாதம் குறித்தாலே நிறைய தெரியும். தைராய்டு, நீர்க்கட்டிப் பிரச்சினை போன்ற ஹார்மோன் கோளாறில் வட்டங்களே தாறுமாறாக இருக்கும். 45 நாள், 20 நாள், எது மாதவிடாய் என்றே புரியாது. வட்டங்கள் ஒழுங்காக இருந்து நடுவில் மட்டும் புள்ளிகள் விழுந்தால், கர்ப்பப்பைக்கு உள்ளேயோ அதன் வாயிலோ ஏதாவது இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும். மாதாமாதம் சரியாக நடு நாளில், ஒன்றிரண்டு நாள் லேசாகப் படுவது கருமுட்டை வெளிவருவதாலும் இருக்கலாம். இவருடைய புள்ளிகள் 9, 13, 17, 22 என்று சிதறிக் கிடந்தன.

அப்புறம் அந்தக் கட்டி. முப்பதுகளில் ஸ்கேன் எடுத்தால் பலருக்கு நார்த்திசுக்கட்டி தெரியும். ரிப்போர்ட்டில் அளவை மட்டும் பார்ப்பதுதான் தவறு. இடத்தைப் பார்க்க வேண்டும். கர்ப்பப்பையின் உள்ளறைக்குள் துருத்தும் கட்டி 1 செ.மீ. இருந்தாலும் ரத்தம் படுத்தும். வெளிப்பக்கம் வளர்வது 5 செ.மீ. இருந்தும் சும்மா இருக்கலாம். சுவருக்குள் இருப்பது பெரிதானால் பெரும்பாலும் மாதவிடாய் நாட்களில்தான் போக்கை அதிகமாக்கும். இவருடைய கட்டி உள்ளறையைத் தொடவே இல்லை. உள்ளறையைத் தெளிவாகப் பார்க்க, மாதவிடாய் முடிந்த கையோடு, சவ்வு மெலிதாக இருக்கும்போது ஸ்கேன் எடுப்பது நல்லது.

இதற்குள் நான் கேட்ட ஒரு கேள்விக்கு அவர் தலையைக் குனிந்துகொண்டார்: கணவருடன் சேர்ந்த பிறகு ரத்தம் வருகிறதா? வருகிறது. நான்கு மாதத்தில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இந்த ஒரு பதில் சந்தேகத்தைக் கர்ப்பப்பை வாய்க்குத் திருப்பிவிடும். அங்கே புண், கிருமித்தொற்று, சதை வளர்ச்சி, அபூர்வமாகப் புற்றுநோய் என எதுவும் இருக்கலாம். சாதாரண ஸ்கேன் இவற்றில் பலவற்றைக் காட்டாது. பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் ஸ்பெக்குலம் என்ற கருவியை வைத்துக் கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. "ரத்தம் நின்ன பிறகு வர்றேன்" என்று தள்ளிப்போட வேண்டாம், லேசாகப் படும்போதும் பார்க்கலாம். கர்ப்பப்பை வாயின் செல்களை வழித்தெடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் பரிசோதனை நார்மல் என்ற பழைய ரிப்போர்ட்டையும் நம்பி இருந்துவிடக் கூடாது. கண்ணுக்கே ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் பாப் ஸ்மியரோடு நிறுத்தாமல், அந்த இடத்தில் இருந்தே சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்ப வேண்டும்.

இவருக்குப் பார்த்தபோது, வாயில் இருந்து குன்றிமணி அளவில் சிவப்பாக ஒரு சதை தொங்கிக்கொண்டிருந்தது. பாலிப். பஞ்சு பட்டதும் ரத்தம் கசிந்தது. மயக்க மருந்து இல்லாமல் அங்கேயே இடுக்கியால் திருகி எடுத்து, பயாப்சிக்கு அனுப்பி, பாப் ஸ்மியரும் எடுத்தோம். இரண்டிலும் கெடுதல் இல்லை. அடுத்த இரண்டு மாதக் காலண்டரில் வட்டங்கள் மட்டும் இருந்தன. அந்த 2.5 செ.மீ. கட்டியை நாங்கள் தொடவில்லை.