டொராண்டோவில் அவர், திருநெல்வேலியில் நான்: பேச நேரம் ஒதுக்குவது எப்படி?

திருமணமாகி நான்காம் மாதம் கணவர் டொராண்டோவுக்கு வேலைக்குப் போனார். நான் இங்கே பள்ளி ஆசிரியை. புதிதாகப் பிரிந்திருப்பவர்களுக்காக, நாங்கள் செய்வதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. இரண்டு பேரின் நாளையும் ஒரே தாளில் எழுதுங்கள்

கோடைக்காலத்தில் டொராண்டோ நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். இடப்பக்கம் என் நாள், வலப்பக்கம் அவர் நாள் என்று மணி வாரியாக எழுதினோம். நான் ஓய்வாக இருக்கும் இரவு 9 மணிக்கு அவருக்குக் காலை 11:30, அலுவலகத்தில் இருப்பார். இருவருக்கும் ஒத்துவந்தது என் அதிகாலை 5:30. அவருக்கு அது முந்தைய நாள் இரவு 8 மணி, சாப்பிட்டு முடித்திருப்பார். அந்த அரை மணி நேரத்தைத்தான் எங்களுக்கென்று வைத்துக்கொண்டோம்.

2. நவம்பரையும் மார்ச்சையும் குறித்து வையுங்கள்

நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். வித்தியாசம் பத்தரை மணி நேரமாகிவிடும். முதல் வருடம் இதை நாங்கள் கவனிக்கவில்லை. அவர் வழக்கம்போல் தன் இரவு 8 மணிக்கே அழைத்தார், எனக்கு அது 6:30. அடுப்பில் குழம்பு, 7:30-க்குப் பள்ளிப் பேருந்து. இரண்டு வாரம் 'உம்', 'சரி' என்றே பதில் சொன்னேன். நான் ஏதோ கோபத்தில் இருப்பதாக அவர் நினைத்துவிட்டார்.

இப்போது குளிர்காலத்தில் அவர்தான் நகர்ந்துகொள்கிறார். அவருடைய 7 மணி, என்னுடைய 5:30. சமையலைப் பேச்சுக்கு அப்புறம் வைத்துக்கொள்கிறார். மார்ச் இரண்டாம் ஞாயிறு பழைய கணக்குக்குத் திரும்பிவிடுவோம்.

3. வரவு செலவை அந்த நேரத்துக்குள் கொண்டுவராதீர்கள்

கடன் தவணை, மாமியாரின் மருத்துவச் செலவு எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாகப் போய்விடும். இல்லாவிட்டால் அரை மணியும் கணக்கிலேயே கரைந்துவிடும்.

4. மீதி நாளுக்குக் குரல் பதிவு

ஒரு நிமிடம் போதும். முருங்கை பூத்தது, வகுப்பில் ஒரு பையன் சொன்ன பதில், இப்படி அன்றைக்கு நடந்த ஒரு சின்ன விஷயம். கடைசியில் ஒரு கேள்வி வையுங்கள். 'நீங்க மதியம் யாரோடு சாப்பிட்டீங்க?' என்று கேட்டால் அவரும் பேசித்தான் பதில் அனுப்புவார். வெறும் 'சாப்பிட்டீங்களா?' என்றால் கட்டைவிரல் படம்தான் வரும்.

5. சண்டை பாதியில் நின்றால்

எங்களுக்கு மிகக் கஷ்டமானது இதுதான். ஆறு மணிக்குச் சண்டையோடு அழைப்பு முடிந்தால், கொஞ்ச நேரத்தில் அவர் தூங்கிவிடுவார். எனக்கோ ஒரு முழுப் பகல் பாக்கி இருக்கும். அனுப்பிய செய்தி நீலமாகாது. வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறார் என்று மனம் அடித்துக்கொள்ளும். அதனால் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். தூங்கப் போகிறவர், கோபம் தீராவிட்டாலும், ஒரு வரி அனுப்பிவிட்டுத்தான் படுக்க வேண்டும்: 'தூங்கப் போறேன். கோபம் இன்னும் இருக்கு. நாளைக்கு இதே நேரம் பேசலாம்.'

அந்த வரி வந்த நாட்களில் முதல் பீரியடில் என்னால் பாடம் நடத்த முடிந்திருக்கிறது.