சூப்பர் மார்க்கெட்டில் காளான், பேபி கார்ன் பார்த்து வாங்குவது எப்படி?

விளமீனோ பாறையோ வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நம் பக்கம் யாரும் காசு கொடுப்பதில்லை. காளானிலும் பார்க்க வேண்டிய இடம் அடிப்பக்கம்தான்.

முதல் தடவைக்கு 200 கிராம் பட்டன் காளான் பாக்கெட் ஒன்று போதும். அதில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் என்பதால் வதக்கினால் பாதியாகச் சுருங்கிவிடும். நாலு பேருக்குக் குழம்பு வைக்கலாம். வறுவல் என்றால் இரண்டு பேருக்குத்தான் வரும்.

பாக்கெட்டைச் சாய்த்து, ஒருக்களித்துக் கிடக்கும் காளான்களைப் பாருங்கள். குடையின் ஓரம் மெல்லிய தோலால் தண்டோடு மூடியிருந்தால் இளசு. அந்தத் தோல் கிழிந்து, உள்ளே பழுப்பு மடிப்புகள் தெரிந்தால் முற்றியது. முற்றியதில் விஷம் ஒன்றும் இல்லை. ஆனால் சீக்கிரம் கெடும், குழம்பையும் கறுக்க வைக்கும்.

அடுத்தது ஈரம். ரேக்கில் இரண்டு பாக்கெட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று நேற்று பேக் செய்தது, ஆனால் பிளாஸ்டிக் தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். இன்னொன்று மூன்று நாள் பழசு, உள்ளே காய்ந்து சுத்தமாக இருக்கிறது. இரண்டாவதை எடுங்கள். பறித்த பிறகும் காளான் மூச்சுவிடும். நம் ஊர் வெயிலில் இறக்கி வைத்த நேரத்தில் குளிர் விட்டுப்போனால், அந்த ஆவி தாளில் நீராகப் படிந்து காளானின் மேலேயே சொட்டும். அங்கேதான் வழவழப்பு தொடங்குகிறது. மேலே நாலைந்து பழுப்புப் புள்ளி இருந்தால் அது உரசல் காயம், பயம் வேண்டாம். வீட்டில் பிரிக்கும்போது தொட்டால் வழுக்கினாலோ, புளித்த வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள். கழுவிச் சமைத்துப் பார்க்கலாம் என்ற யோசனையே வேண்டாம்.

பேபி கார்னில் விரல் தடிமனுக்கு மேல் போனதை விடுங்கள். மணிகள் தனித்தனியாகப் புடைத்திருந்தால் நடுத்தண்டு நார் தட்டும், எவ்வளவு வேகவைத்தாலும் சக்கைதான். வெளிர் மஞ்சளாக, வளைத்தால் சட்டென்று ஒடிகிற மாதிரி இருக்க வேண்டும். வெட்டிய முனை கறுத்திருந்தாலோ, பாக்கெட்டில் கலங்கலாகத் தண்ணீர் நின்றாலோ வேண்டாம். பிராக்கோலிக்குச் சோதனை ஒன்றுதான்: மொட்டுகள் நெருக்கமாக, கரும்பச்சையாக இருக்க வேண்டும். மஞ்சள் தட்டினால் பூக்கத் தொடங்கிவிட்டது, கசக்கும்.

காளானைக் கடைசியாக எடுங்கள், குளிர் விடாமல் இருக்கச் சில்லென்ற பால் பாக்கெட்டோடு ஒரே பையில் வையுங்கள். ராமநாதபுரத்தில் வாங்கிக்கொண்டு ராமேஸ்வரம் வரை பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது அவசியம். வீட்டுக்கு வந்ததும் கழுவாமல் காகிதப் பைக்கு மாற்றி பிரிட்ஜில் வைத்தால், கரண்ட் போகாதவரை இரண்டு மூன்று நாள் தாங்கும். சமைக்கும்போது கழுவினால் போதும்.