உணர்ச்சிவாதத்தை மறுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளியில் செய்தி வாக்கியம், வினா வாக்கியம், கட்டளை வாக்கியம், உணர்ச்சி வாக்கியம் என்று படித்திருப்போம். “மழை பெய்கிறது” என்பது செய்தி. “ஆகா, என்ன மழை!” என்பது உணர்ச்சி. அப்படியானால் “திருடுவது தவறு” என்பது எந்த வகை? பார்த்தவுடன் செய்தி வாக்கியம் என்றுதான் தோன்றும். உருவத்தில் மட்டும்தான் அது செய்தி, செய்கிற வேலையில் உணர்ச்சி வாக்கியம் என்பதுதான் உணர்ச்சிவாதம். ஆங்கிலேயத் தத்துவவாதி ஏ. ஜே. அயர் 1936-இல் இதைத் தெளிவாக எழுதினார். ஒருவரிடம் “நீ அந்தப் பணத்தைத் திருடியது தவறு” என்று சொன்னால், “நீ அந்தப் பணத்தைத் திருடினாய்” என்பதற்கு மேல் எந்தத் தகவலும் அதில் இல்லை. அதையே வெறுப்பு தொனிக்கும் குரலில் சொன்னதற்குச் சமம், அவ்வளவுதான் என்றார் அவர்.

இதைக் கேட்டதும் எதிர்க்கத் தோன்றுவது இயல்பு. எனக்கும் இந்தக் கொள்கையில் உடன்பாடு இல்லை. ஆனால் வழக்கமாக வைக்கப்படும் மறுப்புகளில் பல, அதன் மேல் படாமலே போய்விடுகின்றன.

அதிகம் பேர் செய்யும் தவறு, “தவறு” என்றால் “எனக்குப் பிடிக்கவில்லை” என்று பொருள் சொல்வதாக இந்தக் கொள்கையைப் புரிந்துகொள்வது. அது தன்னிலைவாதம் என்கிற வேறு கொள்கை. வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். காலில் முள் குத்தியவர் “ஐயோ!” என்கிறார். இன்னொருவர் “எனக்கு வலிக்கிறது” என்கிறார். இரண்டாமவரைப் பார்த்து “பொய் சொல்கிறாய், உனக்கு வலிக்கவில்லை” என்று சொல்ல முடியும். அவர் தன் நிலையைப் பற்றி ஒரு தகவல் தருகிறார், அது மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். “ஐயோ” என்பதை மெய் என்றோ பொய் என்றோ சொல்ல இடமே இல்லை. நடிப்பு என்று வேண்டுமானால் சொல்லலாம். உணர்ச்சிவாதி “தவறு” என்ற சொல்லை “ஐயோ” பக்கம் வைக்கிறார், “எனக்கு வலிக்கிறது” பக்கம் அல்ல.

இதைக் கலந்துவிட்டால் என்ன ஆகும்? “அப்படியானால் ஒரே செயலை நீ தவறு என்பதும் நான் சரி என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாகிவிடுமே, இருவருக்கும் முரண்பாடே இல்லாமல் போய்விடுமே” என்ற மறுப்பை எழுதுவோம். ஆங்கிலேயத் தத்துவவாதி ஜி. இ. மூர் 1912-இலேயே வைத்த வாதம் இது. தன்னிலைவாதத்துக்கு இது பலத்த அடி. உணர்ச்சிவாதத்தின் மேல் இந்த வடிவில் படாது, ஏனென்றால் இரண்டு கூற்றும் உண்மை என்று அது சொல்வதே இல்லை.

சரி, உண்மையும் பொய்யும் இல்லையென்றால் வாக்குவாதத்துக்கு என்ன அர்த்தம் என்பது அடுத்த கேள்வி. இங்கேயும் அவசரப்பட்டு “உணர்ச்சிவாதப்படி அறத்தைப் பற்றி வாதாடவே முடியாது” என்று முடித்துவிடுகிறார்கள். அமெரிக்க உணர்ச்சிவாதியான சி. எல். ஸ்டீவன்சன் 1937-இலும் 1944-இலும் எழுதியவற்றைப் படித்தவர்கள் அப்படி முடிக்க மாட்டார்கள். கருத்து வேறுபாட்டை அவர் இரண்டாகப் பிரித்தார்: நம்பிக்கையில் வேறுபாடு, மனப்பாங்கில் வேறுபாடு.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்குப் புற்றுநோய் என்று தெரியவந்திருக்கிறது. “அவரிடம் சொல்வது தவறு” என்கிறாள் அக்கா. “மறைப்பதுதான் தவறு” என்கிறான் தம்பி. பேசப் பேச ஒன்று தெரிகிறது. அப்பாவுக்கு எதுவும் தெரியாது, தெரிந்தால் இடிந்துபோவார் என்று அக்கா நம்புகிறாள். அவர் எப்போதோ ஊகித்துவிட்டார் என்று தம்பி நம்புகிறான். இது உலகத்தைப் பற்றிய வேறுபாடு. இதற்கு ஆதாரம் தேடலாம், மருத்துவரைக் கேட்கலாம். மறுநாள் அப்பாவே “எனக்குத் தெரியும்டா” என்று சொன்னால் சண்டை அங்கேயே முடிந்துபோகலாம். முடியாமலும் போகலாம். “தெரிந்தாலும் நம் வாயால் சொல்லக் கூடாது” என்று அக்கா நிற்கக்கூடும். இப்போது தகவலில் வேறுபாடு எதுவும் மிச்சமில்லை. இருவரும் விரும்புவது வேறு, இரண்டும் ஒரே வீட்டில் நடக்க முடியாது. ஒருவரை ஒருவர் இழுக்கப் பார்க்கிறார்கள். அதுவும் முரண்பாடுதான் என்கிறார் ஸ்டீவன்சன்.

எனவே “வாதமே இல்லை” என்ற மறுப்பு நிற்காது. அதே இடத்தில் கேட்க வேண்டிய வேறு கேள்வி இருக்கிறது. தம்பியின் மனத்தை மாற்ற அக்கா ஒரு காரணம் சொல்கிறாள், அல்லது அழுது மிரட்டுகிறாள். இரண்டும் பலித்தால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? நல்ல காரணம் என்பதற்கும் வேலைக்கு ஆகும் தந்திரம் என்பதற்கும் கோடு போட ஸ்டீவன்சனிடம் போதுமான கருவி இல்லை என்றே நான் நினைக்கிறேன். மறுப்பை இங்கே வைத்தால் அது படும்.

இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். “எந்தப் பதற்றமும் இல்லாமல் நான் கொலை தவறு என்கிறேனே, எந்த உணர்ச்சி வெளிப்பட்டது?” என்பார்கள். ஸ்டீவன்சன் பேசுவது அந்த நொடியின் கொந்தளிப்பை அல்ல, நிலையாக இருக்கும் மனப்பாங்கை. தூங்கும்போதும் ஒருவர் கொலைக்கு எதிரானவர்தான்.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படும் மறுப்பு. பீட்டர் கீச் என்பவர் 1960-இலும் 1965-இலும் எழுதியது. அவர் காட்டிய வாதம் இப்படிப் போகும்:

பூனையை வதைப்பது தவறு.
ஒரு செயல் தவறு என்றால், தம்பியைத் தூண்டி அதைச் செய்யவைப்பதும் தவறு.
ஆகவே, தம்பியைத் தூண்டிப் பூனையை வதைக்கவைப்பதும் தவறு.

இதைப் பிழையில்லாத வாதம் என்று குழந்தையும் ஒப்புக்கொள்ளும். இப்போது முதல் வரியை உணர்ச்சிவாதி சொல்கிறபடி படியுங்கள்: “பூனையை வதைப்பதா, சீ!” இரண்டாவது வரியில் உள்ள “தவறு என்றால்” என்பதை எப்படிப் படிப்பது? அங்கே யாரும் எதையும் வெறுக்கவில்லை. பூனையை வதைப்பது தவறா இல்லையா என்று இன்னும் முடிவு செய்யாதவர்கூட அந்த வரியை ஒப்புக்கொள்ளலாம். தமிழில் “சீ என்றால்” என்று சொல்லிப் பார்த்தால், “ஒருவர் சீ என்று சொன்னால்” என்றோ “சீ என்பதற்குப் பொருள்” என்றோதான் காதில் விழும்.

ஆக, முதல் வரியில் “தவறு” என்பதற்கு ஒரு பொருள், இரண்டாவதில் வேறு பொருள் என்றாகிறது. சொல்லின் பொருள் நடுவில் மாறினால் வாதம் என்ன ஆகும்? “காவிரி ஓர் ஆறு. ஆறு இரட்டைப்படை எண். ஆகவே காவிரி இரட்டைப்படை எண்.” பூனை வாதமும் இந்தக் கதிக்கு ஆளாக வேண்டும். ஆனால் அது நல்ல வாதம். அப்படியானால் பொருள் சொன்னதில்தான் கோளாறு.

இந்த மறுப்பைக் கையாளும்போதும் ஒரு தவறு நடக்கிறது. “உணர்ச்சிகளுக்கு இடையே தர்க்கம் கிடையாது என்று கீச் காட்டிவிட்டார்” என்று எழுதுகிறார்கள். அவர் காட்டியது அதைவிடக் குறுகியது: உறுதியாகச் சொல்லும்போது மட்டும் ஒரு சொல் என்ன செய்கிறது என்று விளக்கினால் போதாது, “என்றால்” என்பதற்குள் அடங்கியிருக்கும்போதும் அதன் பொருளைச் சொல்ல வேண்டும். அந்தக் கடனை அடைக்க முயன்றவர்கள் உண்டு. சைமன் பிளாக்பர்ன் 1984-இல் சொன்ன வழி இது: இரண்டாவது வரியும் ஒரு மனப்பாங்கைத்தான் வெளிப்படுத்துகிறது, பூனையை வதைப்பதை வெறுத்துவிட்டுத் தம்பியைத் தூண்டுவதை வெறுக்காமல் இருக்கும் மனத்தின் மீதான வெறுப்பை.

கெட்டிக்காரத்தனமான பதில். ஆனால் முதல் இரண்டு வரிகளையும் ஒப்புக்கொண்டு மூன்றாவதை மறுப்பவரை நாம் என்ன சொல்வோம்? “உனக்குக் கணக்கு உதைக்கிறது” என்போம். பிளாக்பர்ன் வழியில் போனால், அவர் தானே வெறுக்கும் வகை மனத்தைத் தானே வைத்திருக்கிறார் என்றுதான் சொல்ல முடியும். அது நடத்தையில் உள்ள குறை, யோசனையில் உள்ள முரண் அல்ல. அந்த இடைவெளியை அடைப்பதில்தான் இன்றுவரை வேலை நடக்கிறது.