கோல்கீப்பர் எங்கே நிற்பது? ஒரு கயிறு காட்டிவிடும்

30 மீட்டர் கயிற்றின் இரு முனைகளையும் கால்பந்துக் கோலின் இரண்டு கம்பங்களின் அடியில் கட்டுங்கள். நடுப்பகுதியைப் பந்து இருக்கும் இடம்வரை இழுத்துத் தரையில் வையுங்கள். கோல்கீப்பர் இரு கயிறுகளுக்கும் நடுவே நின்று, ஓரடி எடுத்துப் பாய்ந்தால் இரண்டையும் தொட முடிகிறவரை முன்னே வரட்டும். அதுதான் அவர் நிற்க வேண்டிய இடம்.

கோலை நோக்கி நேராக வரும் பந்து இந்தக் கயிறுகளுக்கு இடையில்தான் வந்தாக வேண்டும். 7.32 மீட்டர் அகலக் கோலுக்கு நேரெதிரே 12 மீட்டரில் பந்து இருந்தால், 3 மீட்டர் முன்னே வந்தவர் காக்க வேண்டிய அகலம் ஏறக்குறைய 5.5 மீட்டராகக் குறைந்துவிடும். பந்து பக்கவாட்டில் இருக்கும்போதுதான் பிள்ளைகள் பெரும்பாலும் தவறுகிறார்கள்: கோலின் நடுவிலேயே நின்றுவிடுவார்கள், அருகிலுள்ள கம்பத்தின் பக்கம் திறந்து கிடக்கும். கயிறு அதைக் கண்ணெதிரே காட்டிவிடும். இடம் பிடிபட்டதும் கயிற்றை எடுத்துவிட்டுத்தான் பந்தை உதையுங்கள்; கால் சிக்கக் கூடாது.

கயிறு உயரத்தைக் காட்டாது. தலைக்கு மேல் மெதுவாகப் பந்தை எறிந்து பாருங்கள். பின்வாங்கியும் தொட முடியாவிட்டால் ஓரடி பின்னே நிறுத்துங்கள். கோல்கோட்டின் ஓரத்திலிருந்து கோலுக்கு முன்னே குறுக்காக அடிக்கப்படும் கிராஸுக்கும் இந்த முறை உதவாது.